ஆஸ்திரேலியாவுக்கு விதை, செடி, வற்றல், இறைச்சி: பையைக் கட்டுவதிலிருந்து கார்டைக் கொடுப்பது வரை

மெல்பர்னுக்கு வரும் அப்பா அம்மாக்களை அழைத்துவரப் பல வருடமாக விமான நிலையத்துக்குப் போய் வருகிறேன். என் வீட்டார், நண்பர்கள் வீட்டார் என்று எல்லாரும் அதில் உண்டு. பெட்டி பிரிக்கப்படுவதும், உள்ளிருந்து பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதும், ஊரிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டிய அம்மாவின் முகம் வாடுவதும் எனக்கு மனப்பாடம். இடறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். என்னென்ன கொண்டுவருகிறோம் என்று அறிவிக்க விமானத்தில் தரும் கார்டை நிரப்பும்போதுதான், எதைக் கொண்டுவரலாம் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் இந்த வேலை பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, ஊரில் சமையலறையில் தொடங்க வேண்டியது.

கீழே உள்ள வரிசை ஆஸ்திரேலியாவுக்கு உரியது. என் அத்தை (மனைவியின் அம்மா) மதுரையிலிருந்து வந்தபோது நாங்கள் செய்ததையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"இதைக் கொண்டுபோகலாமா?" என்பது ஒரு கேள்வி. "இதைச் சொல்ல வேண்டுமா?" என்பது வேறு கேள்வி. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"முந்திரி கொண்டுபோகலாம் என்று சொன்னார்களே, அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்பார்கள். அனுமதி உள்ள பொருளையும் எழுத வேண்டும். அதைப் பார்த்துவிட்டு விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அதிகாரியின் வேலை. எழுதாமல் விட்டால் முந்திரிகூடச் சொல்லாமல் மறைத்த பொருளாகிவிடும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். அனுமதி இல்லாத பொருள் பெட்டியில் இருந்தாலும், கார்டில் சொல்லிவிட்டால் அபராதம் கிடையாது. பொருள் போகும், அவ்வளவுதான். "எழுதினால் மாட்டிக்கொள்வோம்" என்ற பயம் தலைகீழான பயம்.

எழுதாததன் விலை என்ன என்பதற்கு 2022 இல் பாலியிலிருந்து டார்வின் வந்த ஒரு பயணியைச் சொல்லலாம். முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த இரண்டு காலை உணவு ரொட்டிகளும், பன்றியிறைச்சி வைத்த ஒரு குரோசாண்டும் அவர் பையில் இருந்தன. மோப்ப நாய் கண்டுபிடித்தது. அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர். அபராதத்தை எண்ணும் அடிப்படைத் தொகை அதன்பின் உயர்ந்திருக்கிறது, அதனால் அதே தவறுக்கு இன்று அதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

பெற்றோர் வருவது பார்வையாளர் விசாவில் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 முதல் இந்தக் காரணத்துக்காகவே விசாவை ரத்து செய்யலாம். அந்த ஆண்டு அக்டோபரில் சிட்னியில் இறங்கிய ஒரு பெண்மணி பன்றியிறைச்சி உள்ளிட்ட உணவுப் பொருட்களைச் சொல்லாமல் கொண்டுவந்ததால் அங்கிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார்.

2. பெட்டி கட்டும் முன் பட்டியல் எழுதுங்கள்

பெட்டியைக் கட்டிவிட்டு என்ன வைத்தோம் என்று நினைவுகூர முயலாதீர்கள். யார் யாரோ கடைசி நேரத்தில் கொண்டுவந்து திணிப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா பேத்திக்கென்று ஒரு பொட்டலம் தருவார், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கார்டில் கையெழுத்துப் போடுபவர்தான் பெட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் பொறுப்பு. "எனக்குத் தெரியாது, அவர் கொடுத்தார்" என்பது அங்கே எடுபடாது.

அத்தை தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். இட்லி அரிசி, துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், மோர் மிளகாய், வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, மணத்தக்காளி வற்றல், கறிவேப்பிலை, பால்கோவா, ஆட்டுக்கறி உப்புக்கண்டம், நெத்திலிக் கருவாடு, முந்திரியும் உலர் திராட்சையும், கடை முறுக்கு, ஊறுகாய் பாட்டில், சுக்கு, மரக் கைப்பிடி போட்ட மத்து. அப்புறம் தயங்கித் தயங்கிக் கடைசியாகச் சொன்னார்: "கொஞ்சம் முருங்கை விதையும் அகத்தி விதையும், சேலை மடிப்பில் வைத்திருக்கிறேன்."

சேலை மடிப்பு என்றதும் நான் சொன்ன பதில் இதுதான்: "அத்தை, மடித்து வைத்தது வெளியே தெரிந்தால் மறைத்தது என்றுதான் அர்த்தமாகும். எடுத்து வெளியே வையுங்கள்."

3. வீட்டிலேயே கழிக்க வேண்டியவை

பட்டியலில் பாதி இங்கேயே போய்விடும். ஏன் என்று புரிந்தால் மனசு ஆறும், அதனால் காரணத்தோடு சொல்கிறேன்.

அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல். நம் வீட்டாருக்குப் புரியவைக்கக் கடினமானது இதுதான். தானியக் கிடங்குகளில் வரும் கப்ரா வண்டு என்ற ஒரு பூச்சிக்காக 2020 அக்டோபர் முதல் பயணிகள் சாமான்களில் இவை தடை. அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, காராமணி, மைசூர்ப்பருப்பு, கோதுமை, நிலக்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய் என்று அந்தப் பட்டியல் நம் மளிகைச் சீட்டைப் போலவே இருக்கும்.

இந்த வண்டின் தாய் நிலம் இந்தியாதான். அதன் புழு உணவே இல்லாமல் வருடக்கணக்கில் இடுக்கில் உறங்கிக் கிடக்கும், பல பூச்சிமருந்துகளுக்கும் மசியாது. 2007 இல் பெர்த்தில் புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களில் இது வந்துவிட, அந்த வீடு முழுவதற்கும் நச்சுப்புகை போட்டு வண்டை அழிக்க வேண்டியதாயிற்று. தானிய ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாடு அது. ஒரு கிலோ அரிசியை அவர்கள் பார்க்கும் பார்வைக்கு இதுதான் காரணம்.

ஒரு விலக்கு உண்டு. தொழிற்சாலையில் வறுத்தோ, பொரித்தோ, வேகவைத்தோ தயாரித்து அடைத்து விற்கும் பொருட்கள் இந்தத் தடைக்குள் வராது. பாக்கெட்டில் வரும் வறுகடலையும் பொரித்த கார வகைகளும் அப்படிப்பட்டவை. ஆனால் "நானே நன்றாக வறுத்தேன்" என்பது இந்த விலக்கில் சேராது. வீட்டு அடுப்பில் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வறுபட்டது என்று அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. அதனால் வீட்டுச் சாம்பார் பொடியையும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மல்லி, மிளகாய், பருப்பு மூன்றுமே தடைப் பட்டியலில் உள்ளவை.

உப்புக்கண்டம். வெயிலில் காய்ந்து உப்பு ஏறிய கறியில் என்ன கிருமி இருக்கும் என்று தோன்றும். கோமாரி நோய் வைரஸ் உப்பையும் உலர்த்தலையும் தாங்கிக் கிடக்கக்கூடியது. நம் ஊரில் மாடு ஆடுகளுக்குக் கோமாரி வருவது புதிதல்ல, ஆனால் ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு அந்த நோய் கிடையாது. வீட்டில் செய்த கறிப் பொருள் எதுவும் உள்ளே போகாது.

பால்கோவா. இதற்கும் அதே கோமாரிதான் காரணம், அந்த வைரஸ் பாலிலும் இருக்கும். கோமாரி உள்ள நாட்டில் செய்த பால் இனிப்புகளை அனுமதிப்பதில்லை. குலாப் ஜாமூன், ரசகுல்லா, பர்பி, பேடா எல்லாம் இதில் அடக்கம். பிரபல கடையின் சீல் வைத்த டப்பா என்றாலும் இதே கதிதான். தீபாவளி சமயத்தில் அதிகம் பறிபோவது இவைதான்.

கறிவேப்பிலை. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அந்த மரங்களைச் சாகடிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அந்த நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை. பச்சை இலை நிச்சயம் கூடாது. காய்ந்த இலைக்கும் இடம் விடாதீர்கள், அங்கே உள்ளூரில் விளைந்ததே கடையில் கிடைக்கிறது. வெற்றிலை, மாவிலை, மல்லிகைச் சரம், வாழையிலை எல்லாவற்றையும் இதே கணக்கில் வையுங்கள்.

விதைகள். முளைக்கக்கூடிய விதைக்குத் தனி விதிகள் உண்டு. எந்த இனம் என்ற தாவரவியல் பெயர் பொட்டலத்தில் இருக்க வேண்டும், அந்த இனம் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், மண்ணும் பூச்சியும் ஒட்டியிருக்கக் கூடாது. தக்காளி, மிளகாய், பூசணி வகை விதைகளில் கண்ணுக்குத் தெரியாத வைரஸ் வரும் என்பதால் அவற்றுக்கு ஆய்வகச் சோதனையும் கேட்பார்கள். காகிதத்தில் மடித்த வீட்டு விதைக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. உயிருள்ள செடி, கிழங்கு, பதியன் எல்லாம் முன் அனுமதியும் தனிமைக் காப்பகத்தில் மாதக்கணக்கில் வளர்ப்பும் கேட்கும் வேலை. பயணிப் பையில் அதற்கு இடமே இல்லை.

மணத்தக்காளி வற்றலும் உள்ளுக்குள் விதைதான். காய்ந்த பழம் என்று நாம் நினைக்கிறோம், உள்ளே நிறைய விதை இருக்கிறது. அதையும் அத்தை எடுத்துவிட்டார்.

4. மிச்சத்தை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்

இப்போது கையில் இருப்பவை: முந்திரி, உலர் திராட்சை, முறுக்கு, ஊறுகாய், சுக்கு, மத்து, கருவாடு.

இவற்றுக்கு உறவினர் சொல்வதை நம்பாதீர்கள், நான் சொல்வதையும் இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விதிகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், புதிதாக ஒரு நோய் எங்காவது தலைகாட்டினால் ஒரே இரவில் மாறும். ஆஸ்திரேலிய அரசின் BICON என்ற தளத்தில், bicon.agriculture.gov.au, பொருளின் ஆங்கிலப் பெயரைத் தட்டினால் அதன் நிபந்தனை வரும். சொந்த உபயோகத்துக்கு என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வியாபார இறக்குமதிப் பக்கத்தைப் படித்துவிட்டு "பெர்மிட் வேண்டுமாம்" என்று பயந்தவர்களும் உண்டு, அதே பக்கத்தைப் பார்த்து "அனுமதி உண்டாம்" என்று ஏமாந்தவர்களும் உண்டு. பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு பார்ப்பது சரி. ஆறு மாதம் முன்பு பார்த்தது செல்லாது.

கருவாட்டுக்குக் கறி போல முழுத் தடை இல்லை, ஆனால் அளவும் பக்குவமும் பார்ப்பார்கள். மீனைத் தலையும் குடலும் நீக்கிச் சுத்தம் செய்திருக்கிறதா என்பது பெரிய விஷயம். நெத்திலி என்றால் தலையோடு அப்படியே காய்வதுதானே. அத்தைக்கு அதில் ஆசை இருந்ததால் வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஆனால் போனாலும் போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

5. சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே பையில் வையுங்கள்

உணவும் தாவரப் பொருளும் முழுவதும் ஒரே பெட்டியில், அதுவும் மேலாக இருக்கட்டும். துணிகளுக்கு நடுவே பரப்பி வைத்தால் அதிகாரி மூன்று பெட்டியையும் கொட்டிப் பார்க்க வேண்டிவரும், நீங்களும் ஏதாவது ஒன்றை மறப்பீர்கள்.

கடைப் பொருளை மூல உறையிலேயே வையுங்கள். இடம் மிச்சம் என்று முந்திரியைப் பிரித்து டப்பாவில் கொட்டுவது நம் வழக்கம். உறை போனால் என்ன பொருள், எங்கே தயாரித்தது என்பதற்குச் சாட்சியும் போய்விடும். தமிழில் மட்டும் பெயர் அச்சிட்ட பொட்டலம் என்றால், ஆங்கிலப் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

செருப்பு, ஷூ அடியையும் பாருங்கள். வயல், மாட்டுத் தொழுவம் மிதித்த மண் ஒட்டியிருந்தால் கழுவிக் காயவைத்துப் பிறகு பெட்டியில் வையுங்கள். புற்று மண்ணோ தலத்து மண்ணோ பிரசாதமாக வந்திருந்தால் அதுவும் மண் கணக்குத்தான்.

பட்டியலின் இறுதிப் பிரதியை ஆங்கிலத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். இந்த ஒரு காகிதம் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலம் பேசாத அப்பா அம்மா அதை நீட்டினாலே போதும்.

6. விமானத்தில் கார்டை நிரப்புவது

ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. ஆங்கிலத்தில், நீலம் அல்லது கறுப்புப் பேனாவில் நிரப்ப வேண்டும். பேனாவைக் கைப்பையில் வையுங்கள், விமானத்தில் யாரிடமும் இருக்காது. சில விமானங்களில் கைப்பேசியில் நிரப்பும் முறை வந்திருக்கிறது, அதிலும் கேட்கப்படுவது இதே விஷயங்கள்தான்.

நமக்கு வேண்டிய கேள்விகள் வரிசையாக வரும். முதலில் இறைச்சி, மீன், முட்டை, பால், பழம், காய்கறி. அடுத்து தானியம், விதை, கொட்டைப் பருப்புகள், செடி, நாட்டு மருந்து, மூலிகை, மரச் சாமான். அதன்பின் விலங்குப் பொருட்கள், சங்கு, தேன். பிறகு மண். கடைசியில், கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை, காடு, ஆறு குளம் பக்கம் போனீர்களா என்று இருக்கும்.

அத்தையின் சாமான்களை இதில் பொருத்திப் பாருங்கள். கருவாடும் உலர் திராட்சையும் முதல் கேள்வியில் வரும். முந்திரி, முறுக்கு, சுக்கு, மத்து எல்லாம் இரண்டாவதில். ஊறுகாய் எதில் என்று சந்தேகம் வந்தது, மாங்காய் பழமாயிற்றே என்று முதல் கேள்வியிலேயே வைத்தோம். அங்கே எதற்கும் "யெஸ்"தான் போடப்போகிறோம் என்பதால் எந்தக் கட்டம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிக் கேள்வியில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். "நாங்கள் விவசாயி இல்லையே" என்று "நோ" போடுவார்கள். கிளம்பும் முன் குலதெய்வம் கும்பிடக் கிராமத்துக்குப் போனது, சித்தப்பா வீட்டு மாட்டைத் தடவிக்கொடுத்தது எல்லாம் இதில் அடங்கும். அத்தையும் போயிருந்தார், "யெஸ்" போட்டார். ஷூவைக் காட்டச் சொன்னார்கள், சுத்தமாக இருந்தது, அரை நிமிடத்தில் முடிந்தது.

விமானத்தில் தந்த ஆப்பிளையோ தயிரையோ பேரனுக்கென்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உண்ணுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

7. இறங்கிய பிறகு

அடிலெய்டு போக மெல்பர்னில் விமானம் மாறுகிறீர்கள் என்றாலும், முதலில் இறங்கும் ஆஸ்திரேலிய விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து இந்தச் சோதனையை முடிக்க வேண்டும். மாற்று விமானத்துக்கு நேரம் வைக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பெட்டிகள் வரும் வழியில் உணவுப் பொருளைப் போட்டுவிடக் குப்பைத்தொட்டிகள் இருக்கும். மனம் மாறினால் கார்டைக் கொடுக்கும் முன் அதில் போட்டுவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கார்டில் "நோ" போட்டது தவறு என்று இங்கே நினைவு வந்தாலும் கெட்டுப்போகவில்லை. கார்டை வாங்கும் அதிகாரியிடம் நீங்களாக முதலில் சொல்லுங்கள். அவர் கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, நாய் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் அது சொன்னதாகாது.

சோதனை மேசையில் "கொஞ்சம் ஸ்நாக்ஸ்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "கருவாடு, முந்திரி, இஞ்சி சுக்கு, மரக் கரண்டி" என்று பெயர் சொல்லுங்கள், பட்டியலைக் கொடுங்கள். தெளிவாகச் சொன்னவர்களின் பெட்டியை முழுவதும் பிரிக்காமல், சொன்ன பொருளை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

பார்த்தபின் நடப்பது சிலதான். திருப்பித் தந்துவிடுவார்கள், அல்லது எடுத்து அழித்துவிடுவார்கள். சில பொருட்களுக்கு நம் செலவில் கிருமிநீக்கம் செய்து தருவதாகச் சொல்வார்கள். மரச் சாமானுக்கு இது கேட்கக்கூடும், சிறு துளையோ மரத்தூளோ தென்பட்டால் துளைப்பான் வண்டு என்று சந்தேகிப்பார்கள். செலவு பொருளின் விலையைத் தாண்டும் என்றால் விட்டுவிடுவதே மேல்.

அத்தைக்கு நெத்திலி போயிற்று, மற்றதெல்லாம் வந்தது. அபராதம் இல்லை. அவர் வெளியே வந்து முதலில் சொன்னது, "மத்தைத் தந்துவிட்டார்கள்ப்பா" என்பதுதான்.

8. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும்போது

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பெட்டியைப் பின்கட்டிலோ கராஜிலோ வெறும் தரையில் வைத்துப் பிரியுங்கள். கம்பளத்தின் மேல் வேண்டாம். மடிப்புகளையும் சக்கர இடுக்குகளையும் உதறிப் பாருங்கள்.

பழுப்பு நிறத்தில் 2, 3 மில்லிமீட்டர் வண்டோ, உடம்பெல்லாம் மயிர் உள்ள சிறு புழுவோ, அது உரித்துப்போட்ட தோலோ கண்ணில் பட்டால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் இறுகக் கட்டுங்கள், பெட்டியை மூடுங்கள், ஒரு படம் எடுத்துக்கொண்டு 1800 084 881 என்ற பூச்சி அறிவிப்பு எண்ணைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அவர்கள் வந்து பார்க்கும்வரை பெட்டியை வேறு அறைக்கு நகர்த்த வேண்டாம்.